இருபதாம் நோன்பு வரை

பெரம்பலூரில் எங்கள் தையல்கடை வாசலில் பெருநாள் பேனர் கட்டினேன்: ‘இரண்டு சட்டை தைத்தால் கூலியில் தள்ளுபடி. இருபதாம் நோன்பு வரை துணி தாருங்கள். அதன்பின் வந்தால் பெருநாளுக்குத் தர இயலாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.’

எழுத்தில்தான் பணிவு. பிந்தி வருபவர்களைத் திட்ட வசனம் தயாராக வைத்திருந்தேன்.

சவுதியிலிருந்து லீவில் வந்த லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் துணியோடு கெஞ்சினார்.

“எனக்கு இன்னிக்கு இருபத்தொண்ணாவது நோன்பு பாய். ஒரு நாள் பிந்திட்டேன், பாத்து செய்யுங்க.”

“அங்க ஒரு நாள் முந்தி பிறை பாத்துட்டாங்க. இங்க இன்னிக்குத்தான் இருபது” என்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அவரே தன் மச்சானின் துணியோடு மறுபடி வந்து நின்றார்.

“பாய், நம்மளவிட ஒரு நாள் பிந்தி பிறை பாத்த ஊரு ஏதும் இருக்கா?”

திட்ட வாயெடுத்தவன் சிரித்துவிட்டேன். துணியைத்தான் வாங்கவில்லை.