நான் ஒட்டும் என்று சொன்ன கண்

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் நான் நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பள்ளிக்கு, பக்கத்துப் பிரிவு டீச்சராக ஒருத்தி மாற்றலாகி வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். வந்த ஒரே மாதத்தில் என் வகுப்புப் பிள்ளைகளே இடைவேளையில் அவள் மேசையைச் சுற்றி நின்றார்கள். தலைமையாசிரியை ஒரு கூட்டத்தில், "அவ வகுப்பப் பாத்துப் படியுங்க" என்றார். பதினெட்டு வருடம் சாக்பீஸ் தூசி தின்றவள் நான். வயிறு எரிந்தது.

குறள் ஒப்புவிக்கும் போட்டி வந்தது. நாகர்கோவிலில் நடக்கும் அதற்குப் பள்ளிக்கு ஒரு பிள்ளைதான் போகலாம். என் வகுப்புப் பிள்ளையைவிட அவளுடைய பிள்ளை இருபது குறள் கூடுதலாகச் சொன்னாள். அந்தப் பிள்ளையையே தேர்ந்தெடுத்தார்கள். வயல்காரர் வீட்டுப் பிள்ளை. பேச்சு வராத பிள்ளையை மேடையேற்றிவிட்டாள் என்று எல்லோரும் அந்த டீச்சரைப் புகழ்ந்தார்கள்.

போட்டிக்கு நாலு நாள் இருக்கையில் அந்தப் பிள்ளை இரண்டு கண்ணும் சிவந்து வந்தாள். கன்னிப்பூப் பருவத்து நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். சாலையெங்கும் வைக்கோல் தூசி. பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே தும்மினாள்.

"டீச்சர், இவளுக்கு எல்லா அறுப்புக்கும் இது வரும்லா. ரெண்டு கண்ணும் ஒண்ணாச் சிவக்கும், ஒரே சொறிச்சல். பீளை கெடையாது. அலர்ஜி, யாருக்கும் ஒட்டாது" என்றாள் அந்த டீச்சர்.

அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். முந்தைய வருடம் பள்ளிக்கு வந்த சுகாதாரக் குழுவின் டாக்டரம்மா இதையெல்லாம் சொன்னபோது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான்தான். ஆனாலும் நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனேன். "மெட்ராஸ் ஐ. பள்ளிக்கூடம் பூரா பரவும். ஒரு வாரம் வீட்டுல இருக்கட்டும்" என்றேன். வெளியே நின்ற அந்தப் பிள்ளையிடம், "கண்ணப் பொத்திக்கிட்டுப் போ, ஒட்டிரும்" என்றும் சொன்னேன். பார்த்தால் ஒட்டாது என்பதும் எனக்குத் தெரியும்.

போட்டிக்கு என் வகுப்புப் பிள்ளை என்று முடிவாயிற்று. அன்றைக்குத்தான் மனசு குளிர்ந்தது.

போட்டிக்கு முந்தின நாள் என் பிள்ளைக்கு இடது கண் மட்டும் சிவந்து தண்ணீர் கொட்டியது. தொண்டை வலி வேறு. காதுக்கு முன்னால் தொட்டுப் பார்த்தேன், சின்னதாக நெறி கட்டியிருந்தது. வைரஸ் என்று என் கைக்கே தெரிந்தது. "தூசி மக்கா, ஒண்ணும் இல்ல" என்று என் முந்தானையாலேயே துடைத்துவிட்டேன். மறுநாள் மற்ற போட்டிகளுக்கான எங்கள் பிள்ளைகள் பத்துப்பேரோடு வேனில் ஏற்றினேன். அதற்குள் வலது கண்ணும் சிவந்திருந்தது. பாதியில் குறள் மறந்து அழுதுகொண்டு இறங்கினாள். பரிசு இல்லை.

அடுத்த வாரம் வேனில் வந்தவர்களில் ஏழு பேர் கண் சிவந்து வந்தார்கள். டாக்டரம்மாவை வரவழைத்தார்கள். ஆறு பேருக்கு வைரஸ். "இதுக்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு வேல செய்யாது. கண்ணுல தண்ணி வடியறது நிக்கற வரைக்கும் வீட்டுல இருக்கட்டும். ஒரு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். கை கழுவணும், தொடைக்கற தோர்த்து தனியா வைக்கணும்" என்றார். ஒருத்திக்கு மட்டும் மஞ்சள் பீளை கட்டி, காலையில் இமை ஒட்டிக்கொண்டிருந்தது, அது பாக்டீரியா. அவளுக்குச் சொட்டு எழுதிக்கொடுத்து, விட ஆரம்பித்து ஒரு நாள் கழிந்து பீளை குறைந்தால் வரலாம் என்றார். வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே ஆசுபத்திரி என்றும் சொன்னார்.

வீட்டிலிருந்து திரும்பியிருந்த வயல்காரர் வீட்டுப் பிள்ளையைக் கடைசியாகப் பார்த்தார். "இத யாரு வீட்டுக்கு அனுப்பினது? இது பரவாதே."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். அந்த டீச்சர் முந்திக்கொண்டு, "நாந்தான் டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு உறுதியாச் சொல்லியிருக்கணும்" என்றாள். பெருந்தன்மையிலும் அவளே முதல். அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது, நன்றி வரவில்லை.

மறுநாள் என் கண்ணும் சிவந்தது. முந்தானை சும்மா விடுமா? பத்து நாள் வீட்டில் கிடந்தேன். என் வகுப்பையும் அவளே சேர்த்துப் பார்த்தாள்.

கண்ணில் தண்ணீர் வடிவது நின்று பள்ளிக்குத் திரும்பிய அன்று வராந்தாவில் அந்த வயல்காரர் வீட்டுப் பிள்ளை எதிரே வந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். அறுப்பு முடிந்து கண் வெளுத்திருக்க வேண்டும். கை மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை.

"கைய எடு மக்கா. ஒங்கண்ணு யாருக்கும் ஒட்டாது. டாக்டரம்மா சொன்னாவல்லா?"

"நீங்க ஒட்டும்னு சொன்னியள்லா டீச்சர்" என்றாள். கையை எடுக்கவில்லை.