இரண்டாவது வரியில் எண்ணூறு

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பதினொரு வருஷமாக வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைத் துணி எல்லாம் துவைத்துக் காய்ந்து வந்ததும் சூடான உருளைக்குள் விட்டு எடுத்து மடிப்பாள். முன்னங்கை இரண்டிலும் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். கம்ப்யூட்டரில் விளையாடுகிற பெண்ணென்று அவளைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

மகளுக்காகத்தான் விளையாடக் கற்றுக்கொண்டாள். விவாகரத்துக்குப் பிறகு அவளுடைய கணவன் பன்னிரண்டு வயது மகளோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை தாயோடு பேசலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. போனில் மகள் பேசவில்லை. "சாப்பிட்டியா?" என்றால் "ம்." "பள்ளிக்கூடம் எப்படி?" என்றால் "நல்லா இருக்கு." பத்து நிமிஷத்தில் இருவருக்கும் வார்த்தை தீர்ந்துவிடும். மிச்ச நேரம் முழுக்க கடனுக்கு உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

ஒரு நாள் மகள்தான், "நான் விளையாடற கேம்ல வாங்களேன்" என்றாள். பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, ஒரு மாதம் தட்டுத் தடுமாறிக் கற்றாள். மூன்று பேர் கொண்ட அணி: மகள், மகளின் வகுப்புத் தோழி, இவள். சண்டை போடுவது அவர்கள் இருவரும். அடிபட்டவர்களுக்கு மருந்து கொடுத்து எழுப்புவது இவள் வேலை. தோழி இவளுக்கு 'மருந்தம்மா' என்று பேர் வைத்தாள். விளையாடும்போது மகளின் வாய் ஓயவே ஓயாது. புது டீச்சர், பிடிக்காத காலணி, அப்பாவின் குறட்டை, எல்லாம் ஓடிக்கொண்டே, சுட்டுக்கொண்டே வரும். வாரம் முழுக்க அந்த இரண்டு மணி நேரத்தை வைத்துத்தான் இவள் மூச்சு விட்டாள்.

அதில்தான் மண் விழுந்தது.

திரையின் மூலையில் 'பிங்' என்று ஓர் எண் இருக்கும். இங்கிருந்து ஒரு செய்தி கேம் நடக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்ற கணக்கு. வழக்கமாக அறுபதுக்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டு மாதமாக, ஞாயிறு பத்தேகால் தாண்டினால் அது தொள்ளாயிரத்துக்கு எகிறியது. திரை உறைந்து நிற்கும், பிறகு எல்லாரும் ஒரேயடியாக வேறெங்கோ குதித்திருப்பார்கள். இவள் கொடுத்த மருந்து, மகளின் ஆள் செத்த பிறகு போய்ச் சேரும். குரலும் துண்டு துண்டாகத்தான் வரும்.

"உங்கம்மா தூங்கிட்டாங்களா?" என்று தோழி கேட்டது ஒருநாள் தெளிவாகவே காதில் விழுந்தது.

அன்று ஆட்டம் முடிந்ததும் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அம்மா, ரெண்டு வாரத்துல தகுதிப் போட்டி வருது. இப்படியே இருந்தா வேற ஆள பாத்துக்கலாம்னு அவ சொல்றா."

"நீ என்ன சொல்ற?"

"தெரியலம்மா."

மறுநாள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போய் நின்றாள். சின்ன வயசுக்காரர். சாப்பாட்டு இடைவேளையில் கேட்டதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை.

"எங்க நின்னு போகுதுன்னு பாக்கணும்க்கா. ட்ரேஸ்ரூட்னு ஒண்ணு இருக்கு. உங்க லேப்டாப்லருந்து கேம் வரைக்கும் வழியில இருக்கற ஒவ்வொரு இடத்தையும் ஒரு வரியா காட்டும். மொத வரி உங்க வீட்டு இன்டர்நெட் பெட்டி. ரெண்டாவது வரி பெரும்பாலும் இன்டர்நெட் கம்பெனியோடது. ஒவ்வொண்ணுக்கும் எத்தன மில்லி செகண்ட்னு பக்கத்துல வரும். நடுவுல எங்கயாவது நட்சத்திரம் வந்தா பயப்படாதீங்க. அந்த இடம் பதில் சொல்லலைன்னு அர்த்தம், அவ்வளவுதான். எந்த வரியில எகிறி, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் எறங்காம இருக்கோ, அங்கதான் சிக்கல்."

இது அவளுக்கு உடனே பிடிபட்டது. கறையோடு ஒரு விரிப்பு வந்தால், ஊறவைத்த இடத்திலா, மெஷினிலா, உருளையிலா என்று அவளும் ஒவ்வொரு படியாகத்தான் பார்ப்பாள். அதற்குத் தட்ட வேண்டிய கட்டளையைத் துணிக் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலையே சோதித்தாள். எல்லா வரியும் ஒழுங்கு. முதல் வரி மட்டும் மூன்று, நாற்பது, ஐந்து என்று ஆடியது. கம்பெனிக்கு போன் போட்டாள். "லைன் நல்லா இருக்கு மேடம்" என்றார்கள்.

"காய்ச்சல் இல்லாத நேரத்துல தெர்மாமீட்டர் வெச்சா என்ன தெரியும்?" என்றார் கம்ப்யூட்டர்காரர். "எகிறும்போது பாருங்க. மொத வரி ஆடறது வைஃபையால. ஒயர் போட்டுடுங்க, அந்தச் சந்தேகம் தீந்துடும்."

ஹாலில் இருக்கும் பெட்டியிலிருந்து அவள் அறைக்குப் பதினைந்து மீட்டர் ஒயர். வாங்கி வந்து சுவரோரமாக ஆணியடித்து இழுத்தாள். அவள் தங்கியிருந்தது தம்பி வீட்டில். தம்பி கப்பல் வேலைக்காரன், வருஷத்தில் எட்டு மாதம் வீட்டில் இருக்க மாட்டான். வீடு தம்பியுடையது, ஆள்வது தம்பி மனைவி. அவள் ஒயரைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

ஞாயிறு வந்தது. ஒயரில் ஐம்பத்தெட்டு, அசையாமல் நின்றது. நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. பத்து இருபதுக்கு எண் நூற்றைம்பதானது, நானூறானது, எண்ணூற்றைம்பதில் போய் நின்றது. ட்ரேஸ்ரூட்டைப் போட்டாள். முதல் வரி: ஒன்று. இரண்டாவது வரி: எண்ணூறு. அதற்குக் கீழே கடைசி வரைக்கும் எண்ணூறுக்குக் குறைந்து ஒரு வரியும் இல்லை. திரையில் மகளின் ஆள் தரையில் கிடந்தாள்.

படம் பிடித்து அனுப்பியதும் கம்ப்யூட்டர்காரர் கூப்பிட்டார். "ஒயர் நல்லா இருக்கு, பெட்டி வரைக்கும் ஒண்ணுதான். பெட்டியிலருந்து வெளிய போற எடத்துலதான் தேங்குது. வீட்டுல யாரோ பெருசா ஏதோ மேல அனுப்பறாங்க. வெளிய போற வழி சின்னது. லாரி வரிச கட்டி நிக்குது, உங்க சைக்கிள் அதுக்குப் பின்னால."

அவள் லேப்டாப்பில் ஒன்றும் போகவில்லை. போனை அணைத்தாள், எண் இறங்கவில்லை. ஹாலுக்கு வந்தாள். தம்பி மனைவியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் கல்யாண வீடியோ வெட்டித் தொகுக்கிறவள். இரண்டு திரை முன்னால், சனிக்கிழமை ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு திரையில் நீலக்கோடு ஊர்ந்துகொண்டிருந்தது: பதினொரு சதவீதம்.

"இது என்னம்மா போகுது?"

"ஸ்டூடியோவுக்கு வீடியோ, அக்கா. முன்னாடி டிஸ்க்ல கொண்டு போய்க் குடுப்பேன். ரெண்டு மாசமா வெப்சைட்லயே ஏத்தச் சொல்லிட்டாங்க. ஆறு ஜிபி. பன்னெண்டுக்குள்ள போய்ச் சேரணும்."

"அதனாலதான் எனக்கு கேம் நின்னு நின்னு வருது. ரெண்டு மணி நேரம் தள்ளி ஏத்த முடியாதா?"

தம்பி மனைவி நாற்காலியைத் திருப்பினாள். கோபமில்லை, களைப்புதான். "பன்னெண்டு தாண்டினா அடுத்த வேல வேற ஆளுக்குப் போயிடும்க்கா. உங்களுக்கு அது கேம். எனக்கு இது பொழப்பு."

அது வெறும் கேம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படியே திரும்பி நடந்தாள். இருக்க இடம் கொடுத்தவளிடம் இதற்கு மேல் என்ன கேட்க முடியும்?

போட்டி நடக்கும் ஞாயிறு. மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். பத்து மணிக்கு மூவரும் உள்ளே. பத்து இருபதுக்கு எண் ஏறத் தொடங்கியது. மகள் குரல் துண்டானது: "அம்... பால... வாங்..."

எழுந்து ஹாலுக்குப் போனாள். பெட்டியின் பின்னால் அறைகளுக்குப் போகும் ஒயர் இரண்டு. ஒன்று அவளுடையது. மற்றது தம்பி மனைவியுடையது; அதைப் பிடுங்கினாள்.

யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையில்லை. யோசித்துத்தான் செய்தாள்.

எண் ஐம்பத்தெட்டுக்கு விழுந்தது. அந்த ஆட்டத்தில் மகள் நான்கு முறை விழுந்தாள், நான்கு முறையும் இவள் எழுப்பினாள். "அம்மா, சூப்பர்மா" என்றாள் மகள். ஜெயித்துவிட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஐந்து நிமிஷ இடைவெளி இருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. தம்பி மனைவியின் கையில் பிடுங்கிய ஒயரின் முனை.

"நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா."

"பத்து சதவீதம் போயிருந்துது. பாதில அறுந்தா மொதல்லருந்து ஏத்தணும். மணி பத்து அம்பது. இனிமே பன்னெண்டேகாலுக்குத்தான் முடியும், அதுவும் நீங்க இடையில வராம இருந்தா." குரல் உயரவே இல்லை. "உங்க பொண்ணுகூடத்தான் ஆடறீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. அதுக்காக என் கைய வெட்டுவீங்களா?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஒயர் மறுபடி செருகப்பட்டது. எண் எண்ணூறைத் தாண்டியது. இந்தப் பக்கம் விளையாடாமல் விட்டாலும் அந்தப் பக்கம் வீடியோ கொஞ்சம்கூட வேகம் பிடிக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். கேமுக்குப் போகிற அளவு ஒன்றுமேயில்லை. ஆனாலும் அதற்குமேல் அங்கே உட்கார அவளால் முடியவில்லை. மைக்கில், "என்னால முடியலடா. நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க" என்றாள். பதில் வரவேயில்லை. போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியவில்லை. லேப்டாப்பை மூடினாள். சமையலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

வீடியோ பன்னிரண்டு பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டூடியோ அந்த மாதத்தின் அடுத்த கல்யாணத்தை வேறொருவருக்குக் கொடுத்தது. மகளின் அணி இரண்டு பேராக ஆடித் தோற்றது.

திங்கட்கிழமை நடந்ததைக் கேட்ட கம்ப்யூட்டர்காரர் தலையில் கை வைத்தார். "ஏங்க்கா பிடுங்கினீங்க? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. அந்த கம்ப்யூட்டர் இவ்வளவுக்கு மேல அனுப்பக் கூடாதுன்னு பெட்டியிலயே அளவு வெக்கலாம். மேல போற வேகம் பத்து எம்பின்னா எட்டு குடுங்க. வழி நெறையாம இருந்தா வரிசையே நிக்காது. அவங்களுக்கு இருபது நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்."

இருபது நிமிஷம். அதைக் கேட்கத் தெரியாமல் போனதுதான் அவளை அறுத்தது.

தம்பி மனைவியிடம் அதைச் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. "சனிக்கிழம சமையல், பாத்திரம், துணி எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ இருபது நிமிஷம் முன்னாடி முடிச்சு பத்துக்கு ஏத்த ஆரம்பிச்சா போதும்" என்றாள். தம்பி மனைவி கையிலிருந்த காயை நறுக்கி முடித்தாள். பிறகு, "பெட்டியோட பாஸ்வேர்டு அடியில ஒட்டியிருக்கு" என்றாள். மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை. கம்ப்யூட்டர்காரர் சொன்னபடி பெட்டியில் எட்டு என்று அளவு வைத்தாள்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு உள்ளே போனாள். அடுத்த அறையில் நீலக்கோடு ஊர்ந்தது. எண் அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. ட்ரேஸ்ரூட் போட்டுப் பார்த்தாள். இரண்டாவது வரியில் ஒன்பது. மகளின் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பத்தரை. பதினொன்று. பதினொன்றரை. கடந்த வாரம் என்ன நடந்தது என்று சொல்ல வாரம் முழுக்க மனப்பாடம் செய்திருந்தாள். ஆளில்லாத களத்தில் தனியாக நின்றாள்.

பதினொன்று நாற்பதுக்குப் பெயர் பச்சையானது.

"அம்மா."

"சொல்லுடா."

"அவ வேற ஒரு பொண்ண சேத்துட்டா. அவங்க கூடத்தான் இவ்வளவு நேரம் ஆடிட்டிருந்தேன். இருபது நிமிஷந்தான் இருக்கு. வரட்டுமா?"

மனப்பாடம் செய்த எதையும் அவள் சொல்லவில்லை. "வா" என்றாள்.

இருவரும் சண்டையில்லாத ஓர் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார்கள். மகள் கரையோரமாக ஓடிப் போய்த் திரும்பி வந்தாள். பிறகு, புதிதாக வந்த பெண் மருந்து கொடுப்பதில் மகா கஞ்சம் என்று ஆரம்பித்தாள்.