வெறும் வயிற்றோடு வரச்சொன்னார்கள்

எங்கள் பக்கம் யாரையும் வெறும் வயிற்றோடு வெளியே அனுப்ப மாட்டோம். கோர்ட்டுக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, ஒரு வாய் சாப்பிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும். அதிலும் நான் கொஞ்சம் அடாவடி. ஆனால் அந்த வருடம் என் வீட்டுக்காரரிடம் என் அடாவடி செல்லவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர், மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சோற்றைப் பிசைந்து நீட்டினால், எனக்காக இரண்டு வாய் வாங்கிக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வார். மனச்சோர்வுக்குத் தந்த மாத்திரையை மாற்றிப் பார்த்தும் கேட்கவில்லை. ஒருநாள் சொன்னார், "நான் இல்லாட்டி நீங்கெல்லாம் நிம்மதியா இருப்பீங்க அம்மணி."

அன்றைக்கே ஆர்.எஸ்.புரத்தில் அவரைப் பார்த்துவந்த மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய், அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "இவரைத் தனியா விடாதீங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு ரத்த அழுத்தம், இதயம், பழைய நோய்கள், குடிப்பழக்கம் எல்லாம் விசாரித்துவிட்டு, கெட்டமின் என்றொரு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் போனிலேயே குதித்தான். "அண்ணி, அது இங்க பார்ட்டியில மூக்குல உறிஞ்சற பொடிங்க! அண்ணனைப் போதைக்கு அடிமையாக்கிப்போடுவாங்க!"

மறுநாளே போய் மல்லுக்கு நின்றேன். "ஏனுங்க டாக்டரம்மா, போதை மருந்தையா ஏத்தப்போறீங்க?"

அவர் கோபப்படவில்லை. "மருந்து அதேதானுங்க. ஆபரேஷன்ல மயக்கம் குடுக்க ரொம்பக் காலமா இருக்கறது. நாங்க அதுல கொஞ்சமே கொஞ்சம், உடம்பு எடைக்குக் கணக்குப் பண்ணி, முக்கால் மணி நேரம் மெதுவா ட்ரிப்ல ஏத்தறோம். பக்கத்துலயே மயக்க டாக்டர் இருப்பாரு. பார்ட்டியில வாங்கற பொடியில என்ன கலந்திருக்கு, எவ்வளவு போகுதுன்னு யாருக்குத் தெரியும்? கிறுகிறுப்பு வேணும்னே அளவைக் கூட்டிக்கிட்டே போவாங்க. மூத்திரப்பை புண்ணாயிரும், விட முடியாத பழக்கமாயிரும். இங்க கிறுகிறுப்பு பக்கவிளைவுங்க, அதுக்காகக் குடுக்கறதில்ல. மாத்திரை வேற வழியில வாரக்கணக்குல வேலை செய்யும். இது மூளை நரம்புகளுக்குள்ள வேற ஒரு வழியைத் தொட்டுச் சீக்கிரம் கேக்குது. எப்படின்னு முழுசா இன்னும் ஆராய்ஞ்சுட்டுத்தான் இருக்காங்க. எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

கடைசியில் ஒரு நிபந்தனை. காலையில் எதுவும் சாப்பிடக் கூடாது. மயக்க நிலையில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடுமாம். என்னிடம் போய் இதைச் சொல்கிறாரே! பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

முதல் நாள் ட்ரிப் ஏறும்போது, "என்ற கை எங்கியோ தூரத்துல கெடக்குதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். நான் நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ரத்த அழுத்தம் பார்த்து, "கொஞ்சம் ஏறும், தானா எறங்கிரும்" என்றாள். ட்ரிப் முடிந்து சிறிது நேரத்தில் கை திரும்பிவந்தது. தெளிந்து, டாக்டரம்மா சரி என்று சொல்லும்வரை அங்கேயே வைத்திருந்தார்கள். மறுநாள்வரை வண்டி தொடக்கூடாது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை போனோம். மாத்திரையையும் கவுன்சலிங்கையும் நிறுத்தவில்லை. இரண்டாம் தடவைக்குப் பிறகு ஒரு சாயங்காலம், மாதக்கணக்கில் பட்டறைப் பேச்சையே எடுக்காதவர், "பட்டறையில பூட்டு நல்லாருக்குதா?" என்று கேட்டார். நான் சமையலறைக்குள் போய் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நான்காம் தடவைக்குக் கொழுந்தனே லீவு போட்டு வந்து காரில் கூட்டிப்போனான். நர்ஸம்மா வழக்கம்போல, "காலையில எதுவும் சாப்பிடலீங்களே?" என்றாள்.

"பச்சத்தண்ணிகூடக் காட்டலீங்க" என்று நான் பெருமையடித்தேன்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "சாப்டுபோட்டனுங்க. இவ குளிக்கப் போனப்ப, ஃபிரிட்ஜுல அரிசிம்பருப்புச் சோறு இருந்துது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? நான் மாசக்கணக்கா ஊட்டறப்ப வேண்டாம்னுபோட்டு, திங்கக்கூடாத அன்னிக்குத் திருடித் திங்கறீங்களே! ஏனுங்க அப்படி?"

"பசிச்சுது அம்மணி."

எத்தனை மாதமாயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு!

டாக்டரம்மா சிரித்தேவிட்டார். "இன்னிக்கு ட்ரிப் கிடையாது, நாளைக்கு வாங்க. இது முடிஞ்சுபோன வியாதி இல்லீங்க. திரும்பியும் வரலாம், கவனமா இருக்கோணும். ஆனா ஒரு நாள் தள்ளிப்போறதுல எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்ல."

கார் நேராகக் காந்திபுரத்தில் ஒரு ஓட்டலுக்குப் போனது. கொழுந்தன்தான் சொன்னான், "இன்னிக்கித் தடையில்லையே, அண்ணி." வீட்டுக்காரர் ஒரு தோசையை முடித்துவிட்டு, இலையைத் துடைத்தபடி என்னைக் கேட்டார், "அம்மணி, இன்னொரு தோசை சொல்லட்டுமா?"

சொல்லுங்க என்று தலையாட்டினேன். கண்ணீர் பொலபொலவென்று என் இலையில் கொட்டியது. பரிமாறுகிறவர் பதறிப்போய் ஓடிவந்தார்.

"சட்னி காரமுங்களா?"

"ஆமாங்க" என்றேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."