கோட்டுக்குத் திரும்பாத தண்ணீர்

குடிநீர் வாரியத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் பெரிய இஞ்சினியர் வரை எல்லாருக்கும் அவர் 'ஸ்கேல்'. மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வந்த பிறகும் சட்டைப் பையில் அரையடி பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். யார் எந்த வரைபடத்தை அச்செடுத்து நீட்டினாலும் முதல் காரியமாக ஸ்கேலை அதன் மேல் வைத்துப் பார்ப்பார். புள்ளிகள் விளிம்போடு ஒட்டிக்கொண்டு போனால் போதும், மனுஷருக்கு அன்று முழுக்கச் சாப்பாடே வேண்டாம்.

அவர் வேலை இதுதான்: ஊருக்கு இனி வரும் வருஷங்களில் எவ்வளவு தண்ணீர் தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்வது. இருபத்து நான்கு வருஷத்துக் கணக்கு அவர் கையில் இருந்தது. நாளுக்கு ஆறு கோடி லிட்டரில் தொடங்கி, வருஷத்துக்கு முப்பது லட்சம் லிட்டர் வீதம் ஏறி, பதின்மூன்று கோடியைத் தாண்டியிருந்தது. நடுவே ஒரே ஒரு சறுக்கல். மழை பொய்த்த வருஷம் அது, வாரியமே குழாயைத் திருகி மூடியது. மறுவருஷம் மழை வந்தது, புள்ளி தாவிக் குதித்துப் பழைய கோட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. அந்தத் தாவலைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கேல் அந்தக் கோட்டுக்கு அடிமையானார் என்று நான் சொல்வேன்.

அப்புறம் ஊரின் இரண்டு பெரிய துணி ஆலைகள் ஒரே வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போயின. நாளுக்கு ஒரு கோடி லிட்டர் அப்படியே இறங்கியது. வாரியத்தில் பலருக்கு இது நிம்மதி. புதுச் சுத்திகரிப்பு நிலையத்தையும் அதற்கு நிலம் எடுப்பதையும் இப்போதைக்குத் தள்ளிப்போடலாம் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. ஸ்கேல் எழுந்து நின்றார்.

"தள்ளிப்போடவே கூடாது சார். இப்பத்தான் அவசரமே. நாம கோட்டுக்குக் கீழே இருக்கோம், அவ்வளவுதான். நாலு வருஷத்துல கோட்டைப் பிடிச்சுடும். அப்படின்னா வருஷத்துக்கு முப்பது லட்சம் இல்லை, ஐம்பத்தைஞ்சு லட்சம் ஏறப்போகுது. ஆறே வருஷத்துல நம்ம பழைய நிலையம் திணறிடும்."

பார்த்தீர்களா கொடுமையை! தேவை குறைந்துபோனதே இன்னும் பெரிதாகக் கட்டுவதற்குக் காரணமாகிவிட்டது. அவர் புளுகவில்லை. தேவைக்கு என்று ஒரு நிலையான கோடு உண்டு, எது அதைத் தள்ளினாலும் திரும்பி வந்துவிடும் என்று எடுத்துக்கொண்டால், கணக்கு அப்படித்தான் வரும்.

அவர் பிரிவில் இன்னொருத்தி இருந்தாள், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆனவள். அவள்தான் கை தூக்கினாள்.

"சார், கோடு இருக்குன்னு நாம எப்படி முடிவு பண்றது?"

"ஏம்மா, நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பொருந்துது. இன்னும் என்ன வேணும்? பஸ் லேட்டாச்சுன்னா டிரைவர் கொஞ்சம் மிதிச்சு ஓட்டி நேரத்தைப் பிடிச்சுட மாட்டானா?"

"டைம்டேபிள் இருக்கிற பஸ்ஸுக்கு அது சரி சார். நம்ம ஊருக்கு யார் டைம்டேபிள் போட்டாங்க?"

கூட்டம் சிரித்தது, ஸ்கேலும் சேர்ந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு படத்தைத் திரையில் போட்டாள். அதே இருபத்து நான்கு வருஷம்தான். ஆனால் இதில் ஒவ்வொரு வருஷமும் போன வருஷம் நின்ற இடத்திலிருந்தே கிளம்புகிறது. சராசரியாகக் கொஞ்சம் ஏறும், ஆனால் விழுந்தது விழுந்ததுதான். பழைய கோடு என்று ஒன்று மேலே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்காது.

"வறட்சியில குறைஞ்சது குழாயை மூடினதால, அது திரும்பி வந்துச்சு. ஆலை போனா போனதுதானே சார்? இப்படி நடக்கிற கணக்குலயும் கோடு போட்டா அழகாத்தான் பொருந்தும். இது கோடா, இல்லை நின்ன இடத்துலேர்ந்தே கிளம்புற நடையான்னு சோதனை பண்ணிப் பார்த்தேன். இருபத்து நாலு புள்ளியை வச்சு அடிச்சுச் சொல்ல முடியலை. ரெண்டுக்கும் இடம் இருக்கு."

அடுத்த வருஷத்துக்கு இரண்டு படமும் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. இருபத்தைந்து வருஷம் தள்ளிப் பார்த்தால்தான் சங்கதி தெரிந்தது. ஸ்கேலின் கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே அகலத்தில், தேவை இதற்குள்தான் இருக்கும் என்று காட்டும் ஒடுங்கலான பட்டை, கடைசிவரை அப்படியே, இருபதரைக் கோடிக்குப் பக்கத்தில் போய் முடிந்தது. அவளுடைய படத்திலோ வருஷம் ஏற ஏறப் பட்டை விரிந்துகொண்டே போய், கீழ் ஓரம் பதினாலு கோடி, மேல் ஓரம் இருபத்து நாலு கோடி என்று வாயைப் பிளந்தது.

"இது என்னம்மா, விசிறியா?" என்றார் பெரிய இஞ்சினியர். அன்றிலிருந்து அவளுக்கு 'விசிறி' என்றே பெயர். "பத்துக் கோடி வித்தியாசத்தை வச்சுக்கிட்டு நான் குழாய் வாங்கவா, வீசிக்கவா? ஒரே நம்பர் சொல்லுங்க."

"அப்போ கொஞ்சம் கொஞ்சமா கட்டலாம் சார். நம்ம சொந்த இடத்துலயே ஒரு தொட்டி போட இடம் இருக்கு. அதைப் போட்டுட்டு அஞ்சு வருஷம் பார்ப்போம். மத்த நிலத்தை அப்புறம் எடுக்கலாம்."

பெரிய இஞ்சினியர் ஸ்கேலைப் பார்த்தார். அறையில் இருந்த எல்லாரும் ஸ்கேலைப் பார்த்தார்கள். அவருக்கு மனதுக்குள் லேசாக ஒரு உறுத்தல். விசிறி சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினார், கிடைக்கவில்லை. ஆனால் அவ்வளவு பேர் முன்னால், அவ்வளவு வருஷம் கழித்து, 'தெரியவில்லை' என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

"இருபதரைக் கோடி," என்றார்.

இதோடு போயிருந்தால் அது ஆபீஸ் சங்கதி. போகவில்லை. வாரியம் எடுக்க நினைத்த நிலத்தில் பாதி அவருடைய ஒரே தங்கையுடையது. வயது நாற்பத்தைந்து ஆகியும் அவருக்கு அவள் பாப்பாதான். அவளும் புருஷனும் அங்கே நாற்றுப் பண்ணை வைத்திருந்தார்கள். ஒட்டுக் கட்டுவதற்கான தாய்மரங்கள் மட்டும் நாற்பது. பதினாறு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்தவை, பெயர்த்து எங்கேயும் கொண்டுபோக முடியாது. அக்கம்பக்கத்தார் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஆட்சேபம் எழுதத் தயாராக இருந்தார்கள். முதல் கையெழுத்து பாப்பாவுடையது என்று பேச்சு. எழுதுவதற்கு முன்னால் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த இடம் நிஜமாவே வேணுமா?"

"என்ன பாப்பா இப்படிக் கேக்கறே? ஊருக்குத் தண்ணி வேண்டாமா?"

"ஊருக்கு வேணும்னா குடுத்துடறோம்ண்ணா. அதுக்கு மேல என்ன இருக்கு. ஆனா மரத்தையெல்லாம் வெட்டிட்டு, அப்புறம் சும்மா போட்டுட்டாங்கன்னா எனக்குத் தாங்காது. உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அவருக்கு விசிறியின் படம் கண்ணில் வந்து நின்றது. ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"நிச்சயமாத் தெரியும்," என்றார்.

பாப்பா ஆட்சேபம் எழுதவில்லை. அண்ணனே சொல்லிவிட்டார் என்று அவள் சொன்னதும் மற்றவர்களும் எழுதவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே வாய் கூசுகிறது. முதல் வருஷம் தேவை இருபது லட்சம் ஏறியது. ஸ்கேல் விசிறியிடம், "பார்த்தியா, திரும்புது," என்றார். அடுத்த வருஷம் ஐந்து லட்சம். மூன்றாம் வருஷம் வேலை தேடிப் போன குடும்பங்களால் கொஞ்சம் இறங்கியது. ஒவ்வொரு வருஷமும் அவர் அதே பழைய கோட்டை வரைந்து, புள்ளி இன்னும் நாலு வருஷத்தில் வந்து சேரும் என்று எழுதுவார். நாலு வருஷம் என்பது மட்டும் குறையவே இல்லை. பன்னிரண்டாம் வருஷம், அவர் ஓய்வு பெற்ற வருஷம், ஊரின் தேவை பதின்மூன்றரைக் கோடி. கோடு சொன்னது பதினேழுக்குக் கிட்ட. பழைய நிலையமே மூச்சு வாங்காமல் சமாளித்தது. புது இடத்தில் நாலு தொட்டி கட்டினார்கள், ஒன்றில் மட்டும் பேருக்குத் தண்ணீர். மற்ற மூன்றும் காய்ந்த சிமெண்டு.

பிரிவு உபசார நாளில் விசிறி அவர் மேஜைக்கு வந்தாள்.

"நீதாம்மா சரி," என்றார் அவர். "நான்தான் தப்பு."

"நான் பதின்மூணரைன்னு சொல்லவே இல்லையே சார். பதினெட்டுக்கும் போயிருக்கலாம், என் படத்துல அதுக்கும் இடம் இருந்துச்சு. தெரியாதுன்னு மட்டும்தான் சொன்னேன்."

அதுதான் அவரைக் கொன்றது. கணக்குத் தப்பியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், கணக்குத் தப்புவது எல்லாருக்கும் நடப்பதுதான். பாப்பா கேட்டது கணக்கை அல்ல, நிச்சயமா என்று. இல்லை என்ற பதில் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மறுவாரம் அவர் அந்தப் புது நிலையத்துக்குப் போனார். காலி தொட்டிகளைச் சுற்றிப் புல்தரையும் குரோட்டன்ஸும் வைத்திருந்தார்கள். ரப்பர் குழாயோடு குனிந்திருந்த தோட்டக்காரர் நிமிர்ந்து, "வாங்க மச்சான்," என்றார். பாப்பாவின் புருஷன். இரண்டு வருஷமாக அங்கே ஒப்பந்தக் கூலி, ஸ்கேலிடம் யாரும் சொல்லவில்லை.

"என்ன மாப்ளே, இங்கேயா?"

"இந்த மண்ணு எனக்குத்தானே தெரியும்," என்று சிரித்துவிட்டு, அவர் குழாயை அடுத்த பாத்திக்கு இழுத்தார்.

அங்கிருந்து நேராகப் பாப்பாவின் வீட்டுக்குப் போனார். இரண்டாவது மாடி, பால்கனியில் ஏழெட்டுத் தொட்டிச் செடிகள். அவள் காபி கொடுத்தாள், அண்ணியை விசாரித்தாள், முழங்கால் வலியை விசாரித்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, பல வருஷமாகவே அப்படித்தான். முதல் மரம் சாய்ந்த நாளில் அவள் பேசாமல் போனாள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும், பழையபடி ஆகிவிடுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் பேசத் தொடங்கினாள், நல்லது கெட்டதுக்கு வந்தாள். ஆனால் எதையும் அவரிடம் கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்ததுகூட முடிவான பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"பாப்பா, எனக்கு அன்னைக்கு நிச்சயமாத் தெரியாது," என்றார். "தெரியும்னு சொன்னேன். தெரியாது."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டாள். "தெரியும்ண்ணா. நீ தண்ணி குடிச்சப்பவே எனக்குத் தோணுச்சு. நீ சொன்னா சரின்னு விட்டுட்டேன்."

"இன்னும் கோபமா?"

"கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு."

"அப்ப ஏன் பாப்பா பழையபடி..."

அவள் பால்கனிச் செடியிலிருந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எடுத்தாள்.

"அது வராதுண்ணா. வரணும்னு நானும்தான் நினைச்சேன். இனிமே என்ன இருந்தாலும் இங்கேர்ந்துதான்."

அவர் தலையாட்டினார். இதையேதான் ஒரு சின்னப் பெண் திரையில் போட்டுக் காட்டினாள், அன்று கூட்டத்தோடு சேர்ந்து அவரும் சிரித்தார். கிளம்பும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டார்.

"வாயேன்," என்றாள் பாப்பா. அவர் படி இறங்குவதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது.