பந்தலுக்குள் தொண்ணூற்றாறு டிகிரி

பிற்பகல் மூன்று இருபது. பங்களா சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஐஸ்கட்டி நிரப்பிய அலுமினியக் குண்டானும் அதற்குள் இறக்கி வைத்த எவர்சில்வர் பாத்திரமும். அக்கா அதில் கிரீம் அடித்துக்கொண்டிருந்தாள். கம்பிக் கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள். கிரீம் கூராக நின்றது.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். அக்கா ஏற்காட்டில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. காப்பி எஸ்டேட் முதலாளியின் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். அதுதான் அக்காவுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். சரியாக அமைந்தால் மற்ற எஸ்டேட்டுகளும் கூப்பிடும். ஒரு குழந்தைக்கு வயிற்றைக் கலக்கினாலும் மலை முழுக்கப் பேச்சாகிவிடும். பாத்திரம் தூக்க நான் கூடப் போயிருந்தேன்.

நான்கு மணிக்குக் கேக்கும், இரண்டு பெரிய கிண்ணங்களில் பழம் போட்ட கஸ்டர்டும் புல்வெளிப் பந்தலில் மேசைக்கு வந்தன. வெட்டும் நேரத்தில் கொண்டுவரலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். மேசை நிறைந்திருந்தால்தான் போட்டோ நன்றாக இருக்கும் என்று முதலாளியின் மனைவி சொல்லிவிட்டார். வெட்டுவதற்குத் தாய்மாமன் வர வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்துக் கத்தியை இறக்குவது அவர் உரிமை. அவர் சேலத்திலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார்.

நாலரை மணிக்கு பஸ்ஸில் வந்த ஒருவர் செய்தி சொன்னார். மாமனின் கார் கொண்டை ஊசி வளைவில் ரேடியேட்டர் கொதித்து நிற்கிறது. வந்து சேர ஆறு ஆகும்.

அக்கா மேசையைப் பார்த்தாள். கேக்கின் ஓரத்துப் பூக்கள் மழுங்கியிருந்தன. அடித்தட்டில் மெல்லிய நீர்க்கோடு. அவள் முதலாளியின் மனைவியைத் தனியே அழைத்து, ஐந்துக்குள் வெட்டிப் பரிமாறிவிட வேண்டும் என்றாள்.

"ஏனுங்க அக்கா, இது மலைங்க. கீழ சேலமா? வெராண்டால எண்பத்திநாலுதானுங்க காட்டுது."

எஸ்டேட் பங்களாக்களில் மழைமானியும் பாரன்ஹீட் வெப்பமானியும் கட்டாயம் இருக்கும். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் தினமும் பார்த்துக் குறித்துவைப்பார். ஏற்காட்டுக்காரர்களுக்கு அந்த எண்ணில் ஒரு பெருமை உண்டு. சேலத்து உறவினர்களிடம் அடிக்கடி சொல்வார்கள். ஆனால் அந்தக் கருவி தொங்குவது ஓட்டுக்கூரையின் நிழலில். மேசை இருந்ததோ காற்றுப் புகாமல் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டிய பந்தலில்.

அக்கா ரைட்டரிடம் அதைக் கழற்றிவந்து கேக்குக்குப் பக்கத்தில் பந்தற்காலில் மாட்டச் சொன்னாள். பாதரசம் ஏறியது. தொண்ணூற்றாறில் நின்றது. சாதாரண நாளென்றால் கிரீமும் கஸ்டர்டும் இரண்டு மணி நேரம் தாங்கும். தொண்ணூறைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்றாள்.

"எங்கண்ணன் வராம வெட்டுனா மூஞ்சியத் தூக்கிக்குவாருங்க," என்றார் அந்த அம்மா.

வெந்த கேக் ஒன்றைக் கிரீம் பூசாமல் அக்கா மிச்சம் வைத்திருந்தாள். அதில் ஜாம் தடவி வைக்கிறேன், மாமன் வந்ததும் குழந்தை இன்னொரு முறை வெட்டட்டும் என்றாள். தாயார் யோசித்தார். குழந்தை யோசிக்கவில்லை.

"ரெண்டு தடவை மெழுகுவத்தி ஊதலாமா?"

"ஊதலாம் சாமி," என்றார் ரைட்டர்.

அத்தோடு முடிவாயிற்று. நான்கு ஐம்பதுக்கு வெட்டினார்கள். ஐந்துக்குள் தட்டுகள் காலி. கிரீம் மீசையோடு பிள்ளைகள் புல்வெளியில் ஓடினார்கள். பெரியவர்கள் இரண்டாம் முறை கஸ்டர்டு கேட்டார்கள்.

ஐந்தேகாலுக்கு ஒரு கிண்ணத்தில் பாதி மிஞ்சியிருந்தது. அண்ணனுக்குக் கஸ்டர்டு என்றால் உயிர், ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவோம் என்று அந்த அம்மா எடுத்தார். முகர்ந்தும் பார்த்தார். "வாசம் நல்லாத்தானே இருக்குதுங்க?"

"வாசத்துல தெரியாதுங்க. சூட்டுல நின்னது நின்னதுதான். இனிமே குளிர வெச்சாலும் அது பழையபடி ஆகாதுங்க."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்க் குழியில் கொட்டி மண் தள்ளினாள். அந்த அம்மா சமையலறைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கையி நடுங்காம கொட்டறீங்க பாருங்க," என்றார். குரலில் பாதி கோபம், பாதி சிரிப்பு.

மாமன் ஆறேகாலுக்கு வந்தார், சட்டை முழுக்க ரேடியேட்டர் தண்ணீரின் கறையோடு. குழந்தை மறுபடியும் மெழுகுவத்தி ஊதினாள். அவர் ஜாம் கேக்கில் மூன்று துண்டு தின்றார். கஸ்டர்டு எங்கே என்று ஒரு முறை கேட்டார். டீ வந்ததும் கொண்டை ஊசி வளைவின் கதைக்குப் போய்விட்டார். வெளியே குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. அக்காவும் நானும் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, ஐஸில் இருந்த பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த கிரீமை ரொட்டியில் தடவித் தின்றோம்.

மறுநாள் மதியம் ரைட்டர் எங்கள் பாத்திரங்களைக் கொண்டுவந்தார். அடுத்த மாதம் பக்கத்து எஸ்டேட்டில் கல்யாண நாள் விருந்து, கிரீம் கேக் வேண்டுமாம், ஐம்பது பேருக்கு என்றார்.