குங்குமம் வைத்த தங்கக் கட்டிகள்

தங்கத்தை எண்ணிப் பார்க்க ஆடிட்டரைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு எண்ணிப் பார்ப்பது வேண்டாம், எண்ணினேன் என்ற கடிதம் மட்டும் போதும். ஓசூரில் இத்தனை வருடம் ஆடிட்டராக இருந்துவிட்டேன், இது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் வயிறு எரிகிறது.

நகை வியாபாரி ஒருவருக்கு ஓசூரில் ஒரு கடை, கிருஷ்ணகிரியில் ஒரு கடை. நகையைவிட அவர் அதிகம் விற்றது கிராம் கணக்கு. போனில் நூறோ இருநூறோ போட்டால் அன்றைய விலைக்கு இத்தனை கிராம் என்று உங்கள் பேரில் ஏறும். தங்கம் அவர் லாக்கரில் இருக்கும். வேண்டும்போது நாணயமாகவோ கட்டியாகவோ வாங்கிக்கொள்ளலாம். ஷிப்ட் விட்டு வரும் கம்பெனிப் பெண்கள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போட்டுவிடுவார்கள். என் வீட்டு மாடியில் குடியிருந்த பெண்ணும் அப்படித்தான். போன் தயாரிக்கும் கம்பெனியில் லைனில் வேலை, ஊர் தருமபுரிப் பக்கம். சேர்த்த கிராம் அத்தனையையும் எடுத்து விற்றுப் பணம் கட்டிவிடலாம் என்று நம்பி, பாகலூரில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தாள். அடுத்த மாதம் பத்திரப் பதிவு. தங்கம் கைக்கு வராவிட்டால் மனையும் போகும், முன்பணமும் போகும்.

தங்கத்தை எண்ணிக் கடிதம் தர அந்தக் கடையே என்னைக் கூப்பிட்டபோது அவளை நினைத்தும்தான் ஒப்புக்கொண்டேன்.

இரண்டு கடை லாக்கரையும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும், ஓசூரில் நான் நிற்கிறேன், கிருஷ்ணகிரிக்கு என் ஆபீசிலிருந்து ஆள் அனுப்புகிறேன் என்றேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கடைக்கும் மேனேஜர் ஒருத்தர்தானாம், அவர் இல்லாமல் லாக்கர் திறக்காதாம். வெள்ளிக்கிழமை ஓசூர், சனிக்கிழமை கிருஷ்ணகிரி. அப்படியானால் ஓசூரில் எண்ணி முடித்ததும் லாக்கர் கதவில் என் சீலை ஒட்டிவிட்டுப் போவேன், மறுநாள் அங்கே எண்ணி முடித்துத்தான் பிரிப்பேன் என்றேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமிய சீல் வச்சு அடைக்கிறதா? நல்லா இருக்குது மேடம் உங்க நியாயம்!" என்றார்.

லட்சுமிக்கு என்ன, அவருக்குத்தான் மூச்சு முட்டியிருக்கும். சீல் வைக்க விடவில்லை என்று என் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் போவதற்குள் ஓசூர் கடையில் பூஜை முடித்திருந்தார்கள். தட்டில் வரிசையாகக் கட்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டுக் குங்குமம். ஒவ்வொரு கட்டியாக எடை போட்டேன், தரத்தை மெஷினில் காட்டினேன். அந்த மெஷின் மேல்தோலைத்தான் பார்க்கும், உள்ளே வேறு உலோகம் இருந்தால் சொல்லாது. அதையும் எழுதினேன். பிறகு கட்டியில் குத்தியிருந்த எண்களை ஒவ்வொன்றாகக் குறித்தேன். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை.

"போன தடவை வந்த சாரு மொத்த எடைய மட்டும் எழுதிக்கிட்டுப் போயிட்டாரு மேடம். காபி ஆறுது பாருங்க."

"ஆறட்டும்" என்றேன்.

மறுநாள் சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தேன். அங்கேயும் தட்டு, அங்கேயும் கட்டிகள். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். முதல் கட்டியைக் கையில் எடுத்தேன். குத்தியிருந்த எண்ணின் பள்ளத்துக்குள் சிவப்பாக என்னவோ இருந்தது. விரல் நகத்தால் சுரண்டினேன். குங்குமம்.

"இங்கயும் பூஜை போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம், ரெண்டு கடைக்கும் போட்டுட்டோம்" என்றார் மேனேஜர். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

முந்தின நாள் எண்களை எடுத்து ஒத்துப் பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. எல்லாம் நேற்று நான் ஓசூரில் எண்ணிய அதே கட்டிகள். ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள், துடைத்தும் இருக்கிறார்கள். ஆனால் பள்ளத்துக்குள் போன குங்குமத்தைத் துணி எடுக்குமா? அட பாவிகளா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் பதறுவார் என்று நினைத்தேன். பதறவில்லை. "ரெண்டு கடையும் என்னோடதுதானே மேடம்? ஓசூர்ல பாத்தீங்க, இருந்துச்சு. கிருஷ்ணகிரில பாத்தீங்க, இருக்குது. பாத்ததத்தானே எழுதச் சொல்றேன்?"

"ஒரே கட்டிய ரெண்டு தடவ பாத்தேன்னு எழுதட்டுமா?"

 சரி, ஜனங்களுக்கு மொத்தம் எத்தனை கிராம் தர வேண்டும், அந்தக் கணக்கைக் கொடுங்கள் என்றேன். அது கம்பெனி ரகசியமாம். இந்தக் கட்டிகளை எங்கேயாவது அடகு வைத்திருக்கிறீர்களா, கடனுக்கு வாங்கி வந்ததா, பேப்பரைக் காட்டுங்கள் என்றேன். அதுவும் முடியாதாம். லாக்கரில் தங்கம் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் என்ன தெரியும்? அந்த நிமிஷம் அங்கே தங்கம் இருந்தது என்று தெரியும். அது யாருடையது, எத்தனை பேருக்குப் பங்கு, நாளைக்கும் இருக்குமா, எதுவும் தெரியாது. தங்க ஃபண்டுகளில் தங்கத்தை விற்கிறவர் வேறு, லாக்கரில் காப்பவர் வேறு, எண்ணுகிற ஆடிட்டர் வேறு. இங்கே விற்பதும் அவர், வைத்திருப்பதும் அவர், எண்ண நாள் குறிப்பதும் அவரே!

கையெழுத்துப் போட முடியாது, இந்த வேலையிலிருந்து விலகுகிறேன் என்று காரணத்தோடு கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிய அட்வான்சையும் திருப்பிக் கொடுத்தேன். வாடிக்கையாளரின் விவகாரத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் விதி. மாடிப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் புழுங்கினேன்.

மூன்றாம் நாள் அவளே இறங்கி வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, நீங்கதானா அந்த ஆடிட்டரு? சொல்லவே இல்ல பாத்தீங்களா!" போனை நீட்டினாள். கடை எல்லோருக்கும் அனுப்பிய விளம்பரம். நான் தட்டின் முன் குனிந்து கட்டியை எடுத்துப் பார்க்கும் படம். எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள். கீழே, 'உங்கள் தங்கம் பத்திரம், ஆடிட்டர் நேரில் பார்த்தார்.' கையெழுத்துப் போட்டார் என்று ஒரு வார்த்தை இல்லை. கெட்டிக்காரர்கள்.

"உங்கள பாத்ததும்தாங்கா தைரியம் வந்துச்சு. போனஸ் காச நேத்து முழுசா போட்டுட்டேன்."

 "செருப்ப மாட்டு, கடைக்குப் போலாம். உன் தங்கம் முழுசும் இன்னிக்கே கையில வேணும்னு கேளு" என்றேன்.

"ஏங்கா, என்னா ஆச்சு?"

"போய்க் கேளு, நான் கூட நிக்கிறேன்."

ஓசூர் கடையில் சாயங்காலக் கூட்டம். அவள் கேட்டாள். கவுண்டரில் இருந்த பெண் புதுசு, என்னைப் பார்த்ததில்லை. தங்கம் வர ஒரு மாதம் ஆகும் என்றாள். லாக்கரில் இருக்கிற தங்கம் எங்கிருந்து வர ஒரு மாதம் என்று மாடிப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி.

"பயப்படாதீங்க மேடம், ஆடிட்டரே நேர்ல பாத்துட்டாங்க. அதோ பாருங்க" என்று அந்தப் பெண் சுவரைக் காட்டினாள். அங்கே ஆள் உயரத்துக்கு என் படம்.

"அந்த ஆடிட்டர் நான்தாம்மா" என்றேன். "பாத்தேன். கையெழுத்துப் போடல."

அவளுக்குப் புரியவில்லை. குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னேன். பின்னால் நின்றவர்கள் முழித்தார்கள், கன்னடத்தில் சொன்னேன். ஓரத்தில் இருந்த குடும்பத்துக்குத் தெலுங்கிலும் சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை, விதியை நானும் மதிக்கிறவள்தான். உள்ளேயிருந்து மேனேஜர் ஓடிவந்தார். அரை மணியில் மாடிப் பெண்ணின் தங்கம் முழுவதும் நாணயங்களாக வந்தது. எடை போட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்தோம்.

அவளுக்கு அடுத்து ஒரு கம்பெனிப் பையன் யூனிபார்மோடு நின்றிருந்தான். தனக்கும் வேண்டும் என்று போனை நீட்டினான்.

"நாளைக்கு வாங்க தம்பி" என்றார் மேனேஜர், ஷட்டரை இழுத்து மூடும் கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டே.