ஒரு மெட்ரோ கார்டும் ஓர் ஆடி வெள்ளியும்

எங்கள் அச்சகத்தில் வெள்ளிக்கிழமை பணப்பெட்டி திறக்காது. திறக்கும், பணம் வந்தால் உள்ளே போட. வெளியே எடுக்க மட்டும் திறக்காது. பேப்பர் லோடு இறக்கிய வண்டிக்கு வாடகை, மை டப்பாவுக்குக் காசு, டீக்கடைக் கணக்கு எல்லாம் சனிக்கிழமைதான். லட்சுமியை வெள்ளிக்கிழமை வெளியே அனுப்பக் கூடாது என்பது என் மாமனாரின் கொள்கை. சாதாரண வெள்ளிக்கே இப்படி என்றால் ஆடி வெள்ளிக்குக் கேட்கவே வேண்டாம்.

அப்படியொரு ஆடி வெள்ளியில்தான் நானும் மாமாவும் சென்னைக்குப் போனோம்.

சிவகாசியில் ஆடிப் பதினெட்டு அன்று புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். மாதிரிகளை எல்லாம் சேர்த்துத் தைத்த கனமான புத்தகம் அது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். அந்த வருடம் ஆல்பத்தில் நான் போட்ட டிசைன் ஒன்று முதல் தடவையாக இருந்தது. சாமி படம் கிடையாது. மாதத்துக்கு ஒரு கோலம், பன்னிரண்டு தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடுத்தவர் வரைந்த முருகனுக்கு எழுத்து சேர்த்துக்கொண்டிருந்தவள் நான். கோலக் காலண்டரைப் பார்த்துவிட்டு மாமா சொன்னது இதுதான்.

“சாமி படம் இல்லாம எவன் தாயி வாங்குவான்? நம்ம நகைக்கடைக்காரர்ட்ட காட்டுவோம். அவர் எடுத்தார்னா அடிப்போம். இல்லன்னா இந்த ஆசய விட்டுரணும்.”

அந்த நகைக்கடைக்காரர் வடபழனியில் இருக்கிறார். எங்களிடம் வருடா வருடம் பெரிய ஆர்டர் கொடுக்கிறவர். அந்த வெள்ளிக்கிழமை மதியம் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறார், திரும்பி வர ஒரு மாதமாகும், வந்ததும் வேறு அச்சகத்துக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டிவிடுவார்கள். பதினொரு மணிக்குள் வந்தால் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமையாக இருக்கிறதே என்று மாமா ஒரு நாள் முழுக்க முனகினார். பிறகு அவரே வழியும் கண்டுபிடித்தார்.

போக வர ரயில் டிக்கெட் முன்னாலேயே எடுத்தாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் புளியோதரை. எழும்பூரிலிருந்து வடபழனிக்கு மெட்ரோ. மாமா முந்தின வருடம் சென்னைக்கு வந்தபோது வாங்கிய மெட்ரோ கார்டு ஒன்று பர்ஸில் இருந்தது. அதில் வியாழக்கிழமையே என் கணவரைப் போனில் பணம் ஏற்றச் சொல்லிவிட்டார். பணம் போய்ச் சேர்ந்ததாக மெசேஜும் வந்தது. வெள்ளிக்கிழமை கையிலிருந்து ஒரு பைசா போக வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தைச் சொல்லும்போது மாமாவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

எழும்பூர் ஸ்டேஷனில் முதல் தடங்கல் பைகளைச் சோதிக்கும் மெஷினில் வந்தது. ஆல்பம் இருந்த பையில் எங்கள் அச்சகத்தின் பெயரும் கீழே சிவகாசி என்றும் போட்டிருந்தது. காவலுக்கு நின்றவர் பையைத் திறக்கச் சொன்னார்.

“பட்டாசு கிட்டாசு இருக்கா சார்? மெட்ரோல கொண்டு போகக்கூடாது.”

“காலண்டருங்க. நாரணாபுரம் ரோட்டுல அச்சாபீஸு வச்சிருக்கோம்” என்றார் மாமா. காவல்காரர் ஆல்பத்தைத் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தாலே உலகத்துக்குத் திரி கொளுத்தும் ஞாபகம்தான் வரும் போலிருக்கிறது. எனக்கு அங்கேயே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது கேட். மாமா கார்டை வட்டத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தார். மறுபடியும் சிவப்பு. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் கார்டை வாங்கித் தன் மெஷினில் வைத்துப் பார்த்தார்.

“மினிமம் பேலன்ஸ் இல்ல சார். அதான் கேட் திறக்கல.”

“நேத்தே ஏத்தியாச்சும்மா. மெசேஜு இருக்கு, பாருங்க.”

“ஆன்லைன்ல ஏத்தினா பணம் நேரா கார்டுக்கு வராது சார். அது எங்க சிஸ்டத்துல காத்துக்கிட்டு இருக்கும். ஸ்டேஷனுக்கு வந்து ஒரு தடவை மெஷின்ல வச்சாதான் கார்டுல ஏறும்.”

பக்கத்திலிருந்த இன்னொரு மெஷினில் அவரே வைத்தார், ஏறியது. சாமி பிரசாதம் வாங்குவது போல மாமா இரண்டு கையாலும் கார்டை வாங்கிக்கொண்டார். இது ஏன் போனில் பணம் ஏற்றிய மகராசனுக்குத் தெரியவில்லை என்று நான் மனதுக்குள் என் கணவரை ஒரு பாட்டம் திட்டி முடித்தேன்.

மறுபடியும் கேட்டுக்கு வந்தோம். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வெளியே கிளம்பினால் செலவு ஒரே கை. விருதுநகர் பஸ்ஸில் எட்டுப் பேர் ஏறினாலும் கண்டக்டரிடம் மாமாதான் “எட்டு” என்பார். மற்றவர்கள் கை மடிக்குப் போகக்கூடாது, போனால் மரியாதைக் குறைவு. அதே பழக்கத்தில் அவர் கார்டை வைத்து, கதவு திறந்ததும், “நீ போ தாயி” என்றார். நான் உள்ளே போனேன். கதவு மூடியது. அதே கார்டை மறுபடி வைத்தார்.

சிவப்பு.

“ஏலே, இதுக்கு என்ன கேடு?” என்று கேட்டைப் பார்த்துக் கேட்டார். கேட் பக்கம் நின்றிருந்த ஊழியர் வந்தார். இளவயசுக்காரர், பொறுமைசாலி.

“சார், இந்தக் கார்டுல ஏற்கெனவே ஒருத்தர் உள்ள போயிட்டாங்க. அவங்க வெளிய வர்ற வரைக்கும் இன்னொருத்தர் போக முடியாது. ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான்.”

“அதான் பணம் கெடக்குல்லப்பா. ரெண்டு ஆளுக்குக் கழிச்சிக்கோங்க.”

“இங்க கழிக்க மாட்டோம் சார். இங்க தட்டும்போது எந்த ஸ்டேஷன்ல ஏறினாங்கன்னு மட்டும்தான் கார்டுல பதியும். எங்க இறங்குவாங்கன்னு இதுக்குத் தெரியாதுல்ல? இறங்குற இடத்துல தட்டினப்புறம்தான் தூரத்தைப் பார்த்துக் காசு கழியும். அதுக்குத்தான் மினிமம் பேலன்ஸ் கேக்குது. உங்களுக்குத் தனியா ஒரு டிக்கெட் எடுத்துக்கங்க சார். ரெண்டு நிமிஷ வேலை.”

ரெண்டு நிமிஷ வேலை. நான் உள்ளே, மாமா வெளியே, நடுவில் இடுப்பு உயரக் கதவு. ஆல்பப் பை அவர் தோளில். மணி பத்தைத் தாண்டிவிட்டது.

“மாமா, டிக்கெட் எடுத்துட்டு வாங்க.”

“இன்னைக்கு என்ன கிழம?”

“தெரியும் மாமா. அப்ப நான் போன்ல எடுக்கேன். என் அக்கவுண்டுல இருந்து.”

“உன் காசு வேற வீட்டுக் காசா? உன் கையில இருந்து போனாலும் நம்ம வீட்டு லட்சுமிதான.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “இந்தக் கார்டுல மட்டும் என்ன மாமா? அவுக சொன்னதக் கேட்டீகளா? வடபழனியில இறங்கும்போதுதான காசு கழியும். அதுவும் இன்னைக்குத்தான. அப்ப அது மட்டும் வெள்ளிக்கிழமைச் செலவு இல்லையா?”

“அது நேத்தே வீட்ட விட்டுப் போன காசு தாயி. இனி அவன் எப்ப எடுத்தா நமக்கென்ன?”

அந்த ஊழியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு போட்ட பன்னிரண்டு கோலம், இந்த இடுப்பு உயரக் கதவுக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது, யார் கழுத்தை என்றுதான் தெரியவில்லை.

மாமா பையைத் தோளிலிருந்து கழற்றி ஊழியரிடம் நீட்டினார். “இத அந்தப் புள்ளைட்ட குடுங்க தம்பி.” கார்டையும் அதோடு வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இறங்குற எடத்துல இதத்தான வைக்கணும்? தொலைச்சிராத. நீ போயிட்டு வா. நா இங்கன உக்காந்திருக்கேன்.”

“நான் தனியாவா? அவர்ட்ட நான் பேசுனதே கிடையாதே மாமா.”

“வாய்தான் இருக்குல்ல. இம்புட்டு நேரம் எங்கிட்டப் பேசுனியே.”

ரயிலில் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே போனேன். வியாபாரம் பேச மருமகளை எங்கள் தெருவில் யாரும் அனுப்பியதில்லை. விலை எவ்வளவு சொல்ல வேண்டும், எவ்வளவில் நிற்க வேண்டும், எதுவும் சொல்லித் தரவில்லை. வடபழனியில் கார்டை வைத்தேன். கழிந்த கட்டணமும் மீதியும் திரையில் வந்தன, கதவு திறந்தது.

நகைக்கடைக்காரர் பெட்டியெல்லாம் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். “பெரியவர் வரலையா?” என்றார். என்ன சொல்ல? “எழும்பூர்ல இருக்காங்க” என்று சொல்லிவிட்டு ஆல்பத்தைப் பிரித்தேன். சாமி படங்களை வேகமாகத் தள்ளினார். கோலத்துக்கு வந்ததும் நின்றார். மார்கழித் தாளில் அவருடைய மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா விரலால் புள்ளிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “இழை சரியா வந்திருக்கு. யார் போட்டது?” என்று கேட்டார்.

“நான்தான்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

விலை பேசினோம். அவர் இறக்கினார், நான் தாளின் தரத்தைச் சொல்லி நின்றேன். இரண்டு தடவை ஆல்பத்தை மூடவும் செய்தேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியாது, எரிச்சலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கடைசியில் ஆர்டரைக் கொடுத்துவிட்டுத்தான் அவர் காரில் ஏறினார்.

எழும்பூருக்குத் திரும்பி வந்தபோது மாமா அதே இடத்தில், கேட்டுக்கு எதிரே சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த ஊழியர் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் கார்டை வைத்து வெளியே வந்தேன். ஆர்டர் கிடைத்ததைச் சொன்னேன். விலையையும் சொன்னேன்.

மாமா விலையை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “நா போயிருந்தா இம்புட்டு வாங்கியிருக்க மாட்டேன்” என்றார். அதற்கு மேல் பாராட்டு எதுவும் வரவில்லை. புளியோதரைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். அவரும் அதுவரை சாப்பிடவில்லை.

“மாமா, ஒரே ஒரு டிக்கெட் எடுத்திருந்தா நீங்களும் வந்திருக்கலாம்ல. இம்புட்டு நேரம் ஏன் இங்கன உக்காந்து கெடந்தீக? நா என்ன பாடுபட்டேன் தெரியுமா?” கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் என்னிடமிருந்து கார்டை வாங்கிப் பர்ஸில் வைக்கப் போனார். பிறகு எதையோ நினைத்து அதைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார்.

“ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான்னு அந்தத் தம்பி சொல்லுதார்ல. இது உங்கிட்டயே இருக்கட்டும் தாயி. அடுத்த வருசம் நா வரல.”